ஒரே இரவில் மூன்று வயது: லயத்து வீடுகளில் கண்ணன் பாதம்



ஆவணி வந்தால் எங்கள் பாடசாலையில் ஒரு விவாதம் தானாகவே எழும்பும். பசறைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் சிலர் கிருஷ்ண ஜெயந்திக்கு வீட்டில் மாவால் சின்னப் பாதம் வைத்து, தொட்டில் கட்டி, புல்லாங்குழல் வரைந்து, அதைப் போனில் படம் பிடித்துக் கொண்டுவருவார்கள். உடனே இன்னொரு பிள்ளை கேட்கும்: "இது நம்ம வழக்கமா, இல்ல டிவியில பார்த்து வந்ததா?" வரலாற்றுப் பாடம் எடுக்கிறவன் என்பதால் கேள்வி என்னிடம் வரும். இரண்டு வரியில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி. அதனால் நான் படித்ததையும், பெரியவர்களிடம் கேட்டதையும், நேரில் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் முஸ்லிம். பூஜை முறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் பேசப்போவது மாவைப் பற்றியும் தரையைப் பற்றியும் வாசற்படியைப் பற்றியும்தான்.

முதலில் அந்த வீட்டு அலங்காரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தொட்டிலில் கிடப்பது அன்று இரவு பிறந்த பிள்ளை. வாசலிலிருந்து உள்ளே வரும் பாதம், நடக்கப் பழகிய பிள்ளையுடையது. சுவரில் இருக்கும் குழல், மாடு மேய்க்கப் போகும் பையனுடையது. பிறந்த நாள் ஒன்றுதான், ஆனால் ஒரே இரவில் மூன்று வயதுக் கண்ணன் அந்த வீட்டுக்குள் இருக்கிறான். இந்த மூன்றும் ஒரே காலத்தில், ஒரே வழியாக நம் மலைநாட்டுக்கு வந்தவை அல்ல. ஆகவே மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

பாதம்

பாதம் வைப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பச்சரிசியை இரண்டு மூன்று மணித்தியாலம் ஊறவைத்து, மைபோல அரைத்துக் கரைக்க வேண்டும். தோசை மாவை விட இளக்கமாகவும் பாலை விடக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்குக் கால் சுண்டு அரிசி தாராளம். கையை முட்டியாகப் பொத்தி, சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தை மாவில் தொட்டு, ஒருமுறை உதறிவிட்டுத் தரையில் ஒற்ற வேண்டும். மணிக்கட்டுப் பக்கம் குதிகாலாகும். நடுவில் விழும் வளைவு உள்ளங்காலின் குழிவாகும். பிறகு விரல் நுனியால் ஐந்து புள்ளி வைத்தால் கால்விரல்கள் வந்துவிடும். வலது கையால் வலப் பாதம், இடது கையால் இடப் பாதம். பெருவிரல் எப்போதும் உட்பக்கம். அவசரத்தில் ஒரே கையால் ஒற்றிக்கொண்டு போனால் பிள்ளை நொண்டியடித்து வந்ததுபோல இருக்கும். பார்த்த உடனே தெரிந்துவிடும்.

ஒரு பெண்ணின் கைமுட்டி ஒற்றி விரல் வைத்து முடித்தால், நாலரை அங்குலம் வரை வரும். ஒரு வயதுப் பிள்ளையின் காலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். யாரும் அளவு எடுத்து இதைக் கண்டுபிடிக்கவில்லை. அம்மாவின் கைக்குள்ளேயே அந்த அளவு இருந்திருக்கிறது.

நடக்கப் பழகும் கண்ணனின் கால் தரையில் பதிவது தமிழுக்கு மிகப் பழைய காட்சி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பெரியாழ்வார், கண்ணனைக் குழந்தையாக வைத்துப் பாடியபோது தளர்நடைக்கென்றே ஒரு பதிகம் ஒதுக்கினார். ஒரு காலடியில் சங்கும் மறு காலடியில் சக்கரமும் இருக்க, பிள்ளை நடக்கும் இடமெல்லாம் எழுதி வைத்ததுபோல முத்திரை விழுகிறது என்பது அதில் வரும் கருத்து. அவர் தாலாட்டும் பாடினார். இந்த வழியில் வளர்ந்ததுதான் பிள்ளைத்தமிழ். எங்கள் முஸ்லிம் புலவர்கள் அதே அமைப்பில் நபிகள் நாயகத்தின் மீதும் முகியித்தீன் ஆண்டகை மீதும் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். பெரியவர் ஒருவரைத் தொட்டிலில் இட்டுப் பார்க்கும் அன்பு, ஒரு சமயத்தார் மட்டும் வைத்திருந்த சொத்து அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் பாட்டில் இருப்பது வேறு, லயத்துத் தரையில் இருப்பது வேறு. பாட்டு பழையது என்பதால் எங்கள் தோட்டங்களிலும் பாதம் ஆதியிலிருந்தே வைத்தார்கள் என்று சொல்லிவிட முடியாது.

கூத்தில் இருந்த கண்ணன்

கோப்பிக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் ஊவாவுக்கு வந்தவர்கள் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களின் வறண்ட கிராமங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். தமிழகத்திலேயே பாதம் வைக்கும் வழக்கம் எல்லார் வீட்டிலும் ஒரேமாதிரி இருக்கவில்லை. வைணவ, பிராமண வீடுகளில் அது ஊன்றி இருந்தது. கோனார் தெருக்களில் உறியடி பெரிதாக நடந்தது. கூலி வேலைக்குக் கப்பல் ஏறிய குடும்பங்கள் கையோடு கொண்டுவந்தது மாரியம்மனையும் முனியாண்டியையும் கருப்பனையும்தான். இன்றைக்கும் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஊரே கூடும் திருவிழா மாரியம்மனுக்குத்தான் நடக்கிறது.

அப்படியானால் கண்ணன் இங்கே இல்லையா? இருந்தான். வீட்டுக்குள் அல்ல, இராத்திரிக் கூத்தில். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் மலையகத்தின் பெரிய கூத்துகள். அருச்சுனன் தபசு பாரதக் கதை. பொன்னர் சங்கர் கதையில் பிள்ளை இல்லாத தாமரைக்குத் துணை நிற்பவர் மாயவர். மார்கழி விடியலில் பஜனைக் குழு லயம் லயமாகப் பாடி வருவதும் பழைய வழக்கம். ஆக, பாதம் வைக்காத காலத்திலும் எங்கள் தோட்டத்துப் பாட்டிகளுக்குக் கண்ணன் கதை தெரிந்திருந்தது. அவன் பிரட்டுக்களத்திலும் கோயில் முற்றத்திலும் ஆடினான். காம்பராவுக்குள் வரத்தான் நேரமெடுத்தது.

ஏன் நேரமெடுத்தது? ஒரு காரணம் வேலை. கிருஷ்ண ஜெயந்தி நம் நாட்டில் பொது விடுமுறை அல்ல. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிடைக்கும் லீவு இதற்கு இல்லை. விடியப் பிரட்டுக்குப் போய், அந்தி நேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண், அதன்பிறகுதான் அரிசி அரைக்க வேண்டும். இன்னொரு காரணம் அந்த அரிசியேதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எந்த மாவு?

தோட்டத் தொழிலாளி அரிசியைக் கடையில் தெரிவுசெய்து வாங்கிய காலம் அண்மையில்தான் வந்தது. நீண்ட காலமாக அரிசி கொடுத்தது தோட்ட நிர்வாகம். அதன் விலை கூலியில் பிடிக்கப்பட்டது. வந்த அரிசி பெரும்பாலும் பர்மாவிலிருந்து இறக்கிய புழுங்கல். சோற்றுக்கு அது நல்லது. மாக்கோலத்துக்கு உதவாது. புழுக்கும்போதே நெல்லுக்குள் மாச்சத்து பாதி வெந்துவிடுகிறது. ஊறவைத்து அரைத்தால் பசைபோல வரும், காய்ந்தால் மங்கலாக இருக்கும். பாதத்துக்குப் பச்சரிசிதான் வேண்டும். அதிலும் வெள்ளைப் பச்சரிசி. சிவப்புப் பச்சரிசி மாவில் வைத்த பாதம் செங்கல் தூள் சிந்தியதுபோல இருக்கும்.

1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா பிடித்தது. இன்றைக்கும் தோட்டத்து வீடுகளில் ரொட்டி அன்றாட உணவாக இருப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. பிறகு 1973, 1974ஆம் ஆண்டுகள். அந்தப் பஞ்சத்தை அனுபவித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்த காலம் அது.

பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா எனக்குச் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். அவருடைய மாமியார் ஊரில் கோனார் வீட்டுப் பெண்ணாம். அதனால் அந்த ஒரு காம்பராவில் மட்டும் முன்பிருந்தே பாதம் வைத்திருக்கிறார்கள்.

"அந்தப் பஞ்சத்துல பச்சரிசிக்கு எங்க போறது சேர்? ஒரு வருசம் கோதுமை மாவுல வெச்சேன். அது வெள்ளையா நிக்கல. காலையில பாத்தா தோலு மாதிரி உரிஞ்சு வருது, எறும்பு வேற மொய்ச்சிருச்சு. அடுத்த வருசம் ஒரு பிடி பச்சரிசி கெடச்சிச்சு. அரைச்சு வாசல்ல ஒரு சோடி, சாமித் தட்டுக்குக் கீழ ஒரு சோடி, அம்புட்டுத்தான் வெச்சேன். நடுவுல அவரே நடந்துக்குவாருன்னு விட்டுட்டேன்."

கோதுமை மா ஏன் உரிகிறது என்பதை என் விஞ்ஞான ஆசிரிய நண்பர் விளக்கினார். கோதுமையில் உள்ள புரதம் தண்ணீர் பட்டதும் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். காயும்போது ஒரு படலமாகச் சுருங்கித் தரையை விட்டுக் கிளம்பும். பச்சரிசி மாவில் அப்படி ஒட்டும் பொருள் இல்லை. தண்ணீர் போனதும் மாத்துகள் தரையில் வெள்ளையாகத் தங்கிவிடும். ஈரத்தில் மங்கலாகத் தெரியும் பாதம், காயக் காயப் பளிச்சென்று வருவதன் காரணம் இதுதான்.

எனக்கு விஞ்ஞானத்தை விட அந்த இரண்டு சோடிப் பாதம்தான் மனதில் நின்றது. வாசலும் சாமித் தட்டும் இருந்தால் போதும், நடுவில் உள்ள வழியைப் பசி எடுத்துக்கொண்டது. பஞ்ச காலத்து மலையகத்தைப் பற்றிப் பல கட்டுரைகள் வாசித்திருக்கிறேன். அந்தக் கால்சுவட்டு இடைவெளி அளவுக்கு எதுவும் எனக்கு அதைக் காட்டவில்லை.

பத்தடிக்குப் பன்னிரண்டடி

அதே அம்மாவின் மகள் இன்று பாதம் வைக்கும் காம்பராவை அளந்து பார்த்தேன். பழைய லயங்களில் வழக்கமான அளவுதான்: பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம். முன்னால் ஐந்தடி இஸ்தோப்பு. சாமித் தட்டு உள் சுவரில். தட்டுக்கு முன்னால் தொட்டில் வைக்க இரண்டடி விட்டால், பாதம் நடக்க மிஞ்சுவது பதினைந்து அடி. ஒரு சுவட்டுக்கும் அடுத்த சுவட்டுக்கும் ஒன்பது அங்குலம் விட்டால் இருபது பாதம். அதற்கு மேல் வைத்தால் நெருக்கமாகி யாரோ ஓடி வந்ததுபோல ஆகிவிடும்.

பெரிய வீடுகளில் நடுக்கூடத்தில் பாதம் வரும். இங்கே அப்படி முடியாது. ஆறு பேர் புழங்கும் ஒரே அறை. அடுப்புக்கும் அதே வழி, படுக்கைக்கும் அதே வழி. அதனால் கண்ணன் சுவரோரமாக வளைந்து போகிறான். அதை மிதிக்காமல் எல்லாரும் மறுபக்கம் ஒதுங்கி நடக்கிறார்கள். எங்கள் பக்கத்துக்கே உரிய வரைதல் முறை என்று ஒன்று இருந்தால் அது இந்தச் சுவரோரப் பாதைதான்.

சாணம் மெழுகிய பழைய தரையில் மாவு நன்றாகப் பிடிக்கும், நிறமும் எடுப்பாக இருக்கும். சீமெந்துத் தரையிலும் நிற்கும். தரை ஓடு பதித்த புது வீட்டில் ஓட்டின் வழவழப்பில் கரைசல் ஒதுங்கிச் சொட்டாகத் திரளும். அங்கே கரைசலைக் கொஞ்சம் கெட்டியாக்கித் துணியில் நனைத்து ஒற்றுகிறார்கள்.

இன்னொன்று காலநிலை. ஆவணி அட்டமி வருவது ஓகஸ்ட், செப்டெம்பரில். அட்டமி பார்ப்பவர்கள் ஒரு நாளும், ரோகிணி பார்ப்பவர்கள் வேறொரு நாளும் கொண்டாடுவதுண்டு. எப்படியும் அது ஊவாவின் வறண்ட காற்றுக் காலம். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கும் அதே காற்றுதான். மலையின் மேற்குப் பக்கம், ஹட்டன் பகுதியில், அந்நேரம் மழை. அங்கே இஸ்தோப்பில் வைத்த பாதம் சாரலில் கரையலாம். எங்களுக்கு எதிர்மாறான பிரச்சினை. காற்றில் மாவு சட்டென்று காய்ந்து வெடித்துப் பறக்கும். அதனால் தரையில் முதலில் தண்ணீர் தெளித்து, ஈரம் இருக்கும்போதே ஒற்ற வேண்டும்.

தொட்டிலும் குழலும்

தொட்டில் எங்கள் தோட்டங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டிய பொருள் அல்ல. தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடத்துக்குப் பெயரே பிள்ளைக் காம்பரா. வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்க, ஆயா ஒருவர் ஆட்டிக்கொண்டிருப்பார். பெற்ற பிள்ளையைப் பகலில் தன் கையால் ஆட்ட நேரம் கிடைக்காத தாய், இரவில் ஒரு சின்னத் தொட்டில் கட்டி, அதில் பொம்மையை வைத்து ஆட்டுகிறாள். இதற்கு மேல் நான் விளக்கம் எழுதத் தேவையில்லை.

நான் பார்த்த தொட்டில் ஒரு முழ நீளம். மூங்கிலைச் சிம்பாகப் பிளந்து சட்டம் கட்டி, வெசாக் கூடுக்கு வாங்கி மிஞ்சிய டிசு கடதாசியை ஒட்டியிருந்தார்கள். மே மாதத்து வெசாக் கடதாசி ஆவணியில் கண்ணனுக்குத் தொட்டிலாகிறது. பதுளையில் மட்டும் நடக்கக்கூடிய சங்கதி இதுவென்று சொல்லமாட்டேன், ஆனால் பதுளையில் நடப்பதில் ஆச்சரியம் இல்லை. கட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: நான்கு மூலைக் கயிறும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் ஆட்டும்போது பொம்மை சரிந்து விழும்.

குழலைச் சிலர் மாவால் வாசலின் இரு பக்கமும் சாய்வாக வரைகிறார்கள். இரண்டு கோடு, நடுவில் துளைகளுக்குப் புள்ளி, நுனியில் ஒரு மயிலிறகு. சிலர் ஒரு சாண் மூங்கில் துண்டையே நூல் சுற்றித் தொட்டிலில் கட்டுகிறார்கள். இறகு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கதிர்காமத்திலிருந்து. மயில் குளிர்ந்த மேட்டுப் பக்கத்தை விட புத்தல, வெல்லவாய, கதிர்காமம் என்று கீழ் ஊவாவில்தான் மிகுதி. ஆடி வேல் விழாவுக்குப் போய்வந்தவர்கள் உதிர்ந்த இறகு ஒன்றைக் கொண்டுவந்து சாமித் தட்டில் செருகி வைத்திருப்பார்கள். அடுத்த மாதம் அது கண்ணனின் குழலுக்குப் போகிறது. முருகனின் மயில் மருமகனிடமிருந்து மாமனுக்கு இறகு அனுப்புகிறது என்று அந்த வீட்டுத் தாத்தா சிரித்தார்.

வாசற்படி

பாதம் எப்போதும் வெளியிலிருந்து உள்ளே வரும். வெளியே போகும் பாதம் யாரும் வைப்பதில்லை. ஒரு பிள்ளை நம் வாசற்படியைத் தாண்டி நம் வீட்டுக்குள் வருகிறது என்பதுதான் அதன் பொருள்.

ஆனால் லயத்தில் வாசற்படி யாருடையது? காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் படிக்குள் இருந்தவர்கள் பெரும்பாலானோருக்கு நாடும் இல்லாமல் போனது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டும், மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். ஒரே லயத்தில் ஒரு காம்பரா கோச்சி ஏற, அடுத்த காம்பரா நின்றது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது வாசற்படிகள் மனிதரோடு சேர்ந்து மண்ணுக்குள் போயின. தப்பியவர்களுக்கு வேறிடத்தில் தனி வீடு கிடைத்தது. ஆனால் இன்றும் ஊவாவில் எத்தனையோ குடும்பங்கள் தமக்கு உறுதிப்பத்திரம் இல்லாத படியில்தான் மாவு ஒற்றுகின்றன.

பிள்ளைகளின் கேள்விக்குப் பதில்

இது நம்ம வழக்கமா, டிவியில் வந்ததா? என் பதில்: பல வீடுகளுக்கு டிவியும் வாரப் பத்திரிகையும் கடைக் கலண்டரும் சொல்லித்தான் பாதம் வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வந்து சேர்ந்த இடத்தில் எல்லாம் தயாராக இருந்தது. கதை கூத்தில் இருந்தது. தொட்டில் பிள்ளைக் காம்பராவில் இருந்தது. இறகு கதிர்காமத்தில் இருந்தது. ஒன்றிரண்டு காம்பராக்களில் பாதமே பஞ்சத்தைத் தாண்டி இருந்தது. இல்லாமல் இருந்தது பச்சரிசியும், ஓய்ந்த ஒரு மாலையும்தான்.

இப்போது கடையில் பிளாஸ்டிக் பாத ஸ்டிக்கர் வந்துவிட்டது. அவசரத்துக்கு ஒட்டுகிறவர்களைக் குறை சொல்லமாட்டேன், மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களின் களைப்பு எனக்குத் தெரியும். ஆனால் ஸ்டிக்கரில் எல்லாப் பாதமும் ஒரே அச்சு. மாவில் வைத்தது வீட்டுக்காரியின் கைமுட்டி. மகளின் பாதம் சிறிதாக இருக்கும், பாட்டியின் பாதத்தில் விரல் நடுங்கியிருக்கும். யார் வைத்தது என்று அடையாளம் சொல்லலாம்.

உங்கள் வீட்டில் பாதம் யார் வைக்கத் தொடங்கினார்கள், பஞ்ச காலத்தில் எந்த மாவில் வைத்தார்கள், இந்தியா போன உறவுகள் அங்கேயும் வைக்கிறார்களா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். தோட்டத்தின் பெயரையும் தோராயமான ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கொப்பியில் பதிந்து வைக்கிறேன். அடுத்த ஆவணியில் அந்தப் பிள்ளை மறுபடி கேட்கும்போது, பசறையில் ஓர் அம்மா சொன்னதை மட்டும் வைத்துப் பதில் சொல்ல நான் விரும்பவில்லை.

கொண்டாடும் எல்லா வீடுகளுக்கும் என் வாழ்த்துகள்.